முன்கைப் படத்தில் டாட்டூ முன்னோட்டம்: எது பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

டாட்டூ குத்திக்கொள்வதற்கு முன்பு முன்கையைப் போட்டோ எடுத்து, அதன்மேல் டிசைனை வைத்துப் பார்ப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. ஆனால் பெரும்பாலான முன்னோட்டங்கள் குத்தி முடித்த அன்றைய கறுப்பைத்தான் காட்டுகின்றன, அதுவும் தோராயமான அளவில். நீங்கள் சுமக்கப்போவது அந்த முதல் நாள் மையை அல்ல, ஆறிப்போன மையை. முன்னோட்டம் அதைக் காட்டவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்தான். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறையும் அது கண்ணுக்குத் தெரியும் விதத்தை வைத்தே சொல்கிறேன். உங்கள் படத்தில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்குப் போகலாம். முதல் இரண்டை மட்டும் எல்லோரும் பார்த்துவிடுங்கள், மற்றவை அவற்றின்மேல்தான் நிற்கின்றன.

உதாரணத்துக்கு ஒரே டிசைனைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். மாநிறமான ஒரு பெண், இடது முன்கையின் உட்புறத்தில் பாட்டியின் பெயரான ‘கண்ணம்மா’வையும் அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் செவ்வந்திப் பூவையும் குத்திக்கொள்ள நினைக்கிறார். மென்பொருள் கிம்ப். இலவசமாகக் கிடைக்கிறது. கிருதா, போட்டோபியா போன்றவற்றிலும் இதே வேலைகள் உண்டு, மெனுவின் பெயர்தான் மாறும்.

ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி இருக்கிறது

டிசைனைச் சுற்றி வெள்ளைக் கட்டம் தெரிந்தால் டிசைன் கோப்பில் பின்னணி நீக்கப்படவில்லை என்று அர்த்தம். டிசைன் லேயரைத் தேர்ந்தெடுத்து `Colors > Color to Alpha` போய் வெள்ளையை நீக்குங்கள். அப்புறம் அந்த லேயரின் மோடை `Normal` என்பதிலிருந்து `Multiply` ஆக மாற்றுங்கள். தோலின் மேடு பள்ளம், நரம்பின் நிழல், மச்சம் எல்லாம் மையின் வழியே தெரிய ஆரம்பிக்கும்.

இவ்வளவு செய்தும் ஒட்டாமல் நிற்கிறது என்றால் குற்றம் டிசைனில் இல்லை, போட்டோவில். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் தோலின் நடுவில் ஒரு பளபளப்புத் திட்டு விழும். அதன்மேல் எந்த டிசைனை வைத்தாலும் மிதக்கும். ஜன்னல் பக்கமாக, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் மறுபடி எடுங்கள். போனின் அழகுபடுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். அது தோலை வழித்து வெளுப்பாக்குவதால், பின்னால் நிறம் பார்க்கும்போது எல்லாமே பொய்யாகிவிடும். முன்பக்கக் கேமராவில் எடுத்தால் பல போன்களில் படம் இடவலம் மாறிப் பதிவாகும், இடது கை வலது கையாகத் தெரியும். பின்பக்கக் கேமராவில் வேறொருவரை எடுக்கச் சொல்வதே நல்லது. அப்படி ஆளில்லாமல் முன்பக்கக் கேமராவில்தான் எடுக்க முடிந்தது என்றால், டிசைன் வைப்பதற்கு முன்பே `Image > Transform > Flip Horizontally` செய்துகொள்ளுங்கள்.

முன்கையில் முடி நிறைய இருந்தால் கோடுகள் இடையிடையே உடைந்து தெரியும். குத்தும் அன்று எப்படியும் அந்த இடத்தை மழிப்பார்கள். ஆனால் முடி திரும்ப வளரும், ஆறிய டாட்டூ அந்த முடிக்கு அடியில்தான் இருக்கப்போகிறது. அதனால் மழிக்காமல் எடுத்த படமே உண்மைக்குப் பக்கம் என்பது என் கருத்து.

படத்தில் சரியாக இருந்தது, ஸ்டென்சிலைக் கையில் வைத்தால் அளவு வேறாக இருக்கிறது

அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். டிசைனை விரலால் இழுத்து ‘இந்த அளவு போதும்’ என்று கண்ணளவில் நிறுத்துகிறோம். அந்த அளவு எத்தனை மில்லிமீட்டர் என்று யாருக்கும் தெரியாது.

அளவுக்கு ஒரு நம்பகமான பொருள் நம் எல்லோர் பையிலும் இருக்கிறது. ஏடிஎம் கார்டின் நீளம் 85.6 மி.மீ. அகலம் 54 மி.மீ. எந்த வங்கி கொடுத்தாலும் இதே அளவுதான். உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை மேசைமேல் வைத்து, முன்கையின் நீளவாக்கில் கார்டைத் தோலின்மேலேயே வையுங்கள். எண்கள் தெரியாதபடி பின்பக்கமாகவோ ஒரு தாள் ஒட்டியோ வைப்பது புத்திசாலித்தனம். ஒரு படம் எடுங்கள். கையையும் போனையும் அசைக்காமல் கார்டை மட்டும் எடுத்துவிட்டு இன்னொரு படம் எடுங்கள்.

கார்டைத் தோலின்மேல் வைக்காமல் பக்கத்தில் மேசைமேல் வைத்தால் என்ன ஆகும்? கையின் கனம் சுமார் 7 செ.மீ. என்றும், போன் தோலிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மேசையில் இருக்கும் கார்டு லென்ஸிலிருந்து 67 செ.மீ. தள்ளி இருப்பதால் படத்தில் பத்து சதவீதம் சிறிதாகத் தெரியும். அந்த அளவுகோலில் வைத்த டிசைனும் படத்தில் பத்து சதவீதம் சிறிதாகிவிடும். ‘கொஞ்சம் பெரிதாக்குங்கள்’ என்று சொல்வீர்கள். கையில் குத்தும்போது அது தேவைக்கு மேல் பெரிதாக இருக்கும்.

போனின் தூரமும் முக்கியம். சாதாரண லென்ஸில் முன்கை படத்தை நிறைக்க வேண்டும் என்றால் இருபது செ.மீ. அளவுக்கு நெருங்க வேண்டியிருக்கும். அப்போது கையின் நடுப்பகுதி உப்பியும் ஓரங்கள் சரிந்தும் தெரியும். 2x வைத்துக்கொண்டு 60 செ.மீ. விலகி நின்றால் இது பெருமளவு தீரும். கையைச் சுற்றி மேசை கொஞ்சம் தெரிந்தால் பரவாயில்லை.

இப்போது கணக்கு. கிம்பில் கார்டு உள்ள படத்தைத் திறந்து, `Tools > Measure` கொண்டு கார்டின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். நம் உதாரணத்தில் 856 பிக்சல் வந்தது என்று வைப்போம். 856-ஐ 85.6 ஆல் வகுத்தால் 10. அதாவது ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து பிக்சல். பெயரின் நீளம் 54 மி.மீ. வேண்டும் என்றால் டிசைன் லேயரை 540 பிக்சலாக்க வேண்டும். 0.6 மி.மீ. கோடு 6 பிக்சல். உங்கள் படத்தில் 7.8, 11.2 என்று எது வந்தாலும் வழி இதுதான்.

அப்புறம் ஒரு சின்ன வேலை செய்தால் மேற்கொண்டு கணக்கே போட வேண்டாம். பத்தை 25.4 ஆல் பெருக்கினால் 254. `Image > Print Size` திறந்து இரண்டு ரெசல்யூஷன் கட்டங்களிலும் 254 என்று கொடுங்கள். கீழே அலகை மி.மீ. ஆக்கினால் கிம்பின் அளவுகோலே தோலின் மில்லிமீட்டரைக் காட்டும். அச்சிட்டாலும் உண்மை அளவில் வரும், பிரிண்டர் அமைப்பில் பக்கத்துக்குள் அடக்கும் தேர்வு அணைந்திருந்தால். சந்தேகமே வேண்டாம், முதலில் கார்டு உள்ள படத்தை அச்சிட்டு அதன்மேல் உண்மையான கார்டை வைத்துப் பாருங்கள். ஓரங்கள் பொருந்தினால் அளவு சரி. பிறகு டிசைனை மட்டும் அச்சிட்டு, வெட்டி, டேப்பால் கையில் ஒட்டி, கண்ணாடி முன் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். திரையில் பெரிதாகத் தெரிந்த எழுத்து அங்கே எவ்வளவு சிறியது என்று அப்போதுதான் உறைக்கும்.

டிசைன் கையைச் சுற்றாமல் தட்டையாக நிற்கிறது

நீளவாக்கில் போகும் ஒரு பெயருக்கு இந்தக் கோளாறு பெரிதாக வராது. கையைக் குறுக்காகச் சுற்றும் பட்டை, பெரிய பூ, முகம் போன்றவற்றுக்குத்தான் வரும்.

ஒரு நூலால் முன்கையின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். 24 செ.மீ. என்றால் படத்தில் தெரியும் அகலம் 7.6 செ.மீ. மட்டுமே. தோலின்மேல் 6 செ.மீ. அகலமுள்ள டிசைன் படத்தில் 5.4 செ.மீ. ஆகத் தெரியும். 10 செ.மீ. டிசைன் 7.4 செ.மீ. ஆகிவிடும், அதாவது கையின் விளிம்பைத் தொட்டுவிடும். சுருக்கம் எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. நடுவில் அநேகமாக ஒன்றும் சுருங்காது, ஓரத்தில்தான் நெருக்கியடிக்கும். அதனால் டிசைனை மொத்தமாக ஒடுக்கினால் தவறு. `Tools > Transform Tools > Warp Transform` எடுத்து, பெரிய வட்டமாக வைத்து, இரண்டு ஓரங்களை மட்டும் உள்நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். நடுப்பகுதியைத் தொடாதீர்கள்.

ஒரே படத்தில் தெரியாத பகுதியை ஒரே படத்தில் காட்ட முயலக் கூடாது. டிசைனின் அகலம் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், பக்கவாட்டில் இன்னொரு போட்டோ எடுத்து அதில் தனியாக வைத்துப் பாருங்கள்.

மேசைமேல் நேராக இருந்தது, கையைத் தொங்கவிட்டால் கோணுகிறது

முன்கை மற்ற இடங்களைப் போல இல்லை. உள்ளங்கையை மேலே காட்டிவிட்டு அப்படியே கவிழ்த்துப் பாருங்கள். மணிக்கட்டு கிட்டத்தட்ட அரைச் சுற்று திரும்புகிறது, முழங்கைக்குப் பக்கத்தில் உள்ள தோலோ அநேகமாக அசையவே இல்லை. உள்ளே உள்ள இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன்மேல் குறுக்காகப் போவதால் இப்படி. நடுவில் உள்ள தோல் முழுவதும் முறுக்கிக்கொள்கிறது. உள்ளங்கை மேலே இருக்கும்போது நேராக வைத்த வரி, கை இயல்பாகத் தொங்கும்போது பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

இதை மென்பொருளால் சரிசெய்ய முடியாது, போட்டோவால்தான் முடியும். மூன்று நிலைகளில் எடுங்கள்: உள்ளங்கை மேலே, கை பக்கவாட்டில் இயல்பாகத் தொங்கும்படி, முழங்கையை மடக்கிப் போனைப் பிடித்திருக்கும்படி. டிசைன் வைக்கும் இடத்தில் மூன்று புள்ளிகளை ஸ்கெட்ச் பேனாவால் வைத்துக்கொண்டு எடுத்தால், ஒவ்வொரு நிலையிலும் அந்தத் தோல் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். மணிக்கட்டுப் பக்கம் உள்ள புள்ளி நிறைய நகரும், முழங்கைப் பக்கம் உள்ளது கொஞ்சம்தான். அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு மூன்று படத்திலும் பெயரை வையுங்கள். மூன்றிலும் கச்சிதமாக இருக்கும் இடம் கிடைக்காது. எந்த நிலையில் நேராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான். நான் எப்போதும் தொங்கும் நிலையைத்தான் சொல்வேன், மற்றவர்கள் பார்ப்பது அதைத்தானே.

திசையும் இங்கேயே முடிவாகிவிட வேண்டும். கை தொங்கும்போது எதிரில் நிற்பவருக்கு நேராகத் தெரிய வேண்டும் என்பது டாட்டூ ஆர்ட்டிஸ்டுகளின் பொதுவான வழக்கம், அதாவது பூவின் தலை முழங்கைப் பக்கம் இருக்கும். உங்களுக்கே நேராகத் தெரிய வேண்டும் என்றால் அதைச் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் வழக்கப்படிதான் வரும். மணிக்கட்டின் மடிப்புக் கோடுகளிலிருந்து மூன்று செ.மீ. ஆவது தள்ளி ஆரம்பியுங்கள். முழங்கை மடிப்பையும் விட்டுவிடுங்கள். ஓயாமல் மடங்கும் தோலில் மெல்லிய கோடு சீராக ஆறுவதில்லை.

மை அட்டைக் கறுப்பாக இருக்கிறது, பூ பளிச்சென்று மஞ்சளாக இருக்கிறது

இந்தக் கோளாறு ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதி சரியாகிவிடும். மை தோலின் மேல் அடுக்கில் தங்குவதில்லை. ஒன்று, இரண்டு மி.மீ. ஆழத்தில் உள்ள உள்தோலில் தங்குகிறது. அதற்கு மேலே மேல்தோல் இருக்கிறது, நம் நிறத்தைத் தரும் மெலனின் அந்த மேல்தோலில்தான் அதிகம். ஆக, ஆறிய டாட்டூவை எப்போதும் ஒரு பழுப்பு வடிகட்டியின் வழியாகத்தான் பார்க்கிறோம். குத்திய அன்று மேல்தோலிலும் மை இருப்பதால் கறுப்பு அவ்வளவு ஆழமாகத் தெரிகிறது. சில வாரங்களில் அந்த மேல்தோல் உரிந்து புதிது வந்துவிடும். உள்ளே உள்ள கறுப்பு, வெளிச்சம் சிதறுவதால் லேசான நீலச் சாயலோடு தெரியும். கை நரம்பு நீலமாகத் தெரிவதற்கும் இந்தச் சிதறலில் பங்கு உண்டு.

முதலில் தோலின் நிறத்தை நம்பக்கூடியதாக ஆக்க வேண்டும். போட்டோவில் கைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும். `Colors > Levels` போய் வெள்ளைப் புள்ளி எடுக்கும் துளிக்குழாயால் அந்தத் தாளைத் தொட்டால் குழல் விளக்கின் பச்சையும் பல்பின் மஞ்சளும் விலகும். தாள் ஏற்கெனவே வெளிறிப்போய் எந்த விவரமும் இல்லாமல் தெரிந்தால் படமே அளவுக்கு மீறிய வெளிச்சத்தில் எடுத்தது, திரும்ப எடுங்கள். பிறகு நிறம் எடுக்கும் கருவியில் சராசரி எடுக்கும் தேர்வை வைத்து, மச்சமும் நரம்பும் இல்லாத இடத்தைத் தொடுங்கள். நம் உதாரணத்தில் சிவப்பு 150, பச்சை 105, நீலம் 75 என்று வந்ததாக வைப்போம். உட்புறத்தை எடுத்தால் உட்புறத்துக்குத்தான் இந்த எண் பொருந்தும். வெயில் படும் வெளிப்புறம் பெரும்பாலோருக்கு இதைவிடக் கருத்திருக்கும்.

`Multiply` செய்வது எளிய கணக்கு. மையின் எண்ணைத் தோலின் எண்ணால் பெருக்கி 255 ஆல் வகுக்கிறது. செவ்வந்தியின் மஞ்சள் 255, 220, 60 என்று வைத்தால், இந்தத் தோலில் ஏறத்தாழ 150, 91, 18 ஆகிறது. அது மஞ்சள் இல்லை, தோலோடு கலந்துவிடும் ஒரு காவிப் பழுப்பு. வான நீலம் 150, 200, 240 என்பது 88, 82, 71 ஆகிச் சாம்பலாகிவிடும். சிவப்பு 200, 40, 40 என்பது 118, 16, 12 ஆகிறது, அடர்ந்த மெரூன். ஆனால் தோலிலிருந்து தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

இந்தக் கணக்கு உண்மையைவிடக் கொஞ்சம் கடுமையானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உண்மையில் மை, உள்தோலின் சொந்த நிறத்தை மறைத்துக்கொண்டு உட்காருகிறது. `Multiply` அந்த நிறத்தையும் சேர்த்துப் பெருக்கிவிடுகிறது. அதனால் உண்மையான மஞ்சள் இதைவிடச் சற்று மேலாகத் தெரியலாம். ஆனாலும் முன்னோட்டம் எச்சரிக்கையின் பக்கம் சாய்வதே நல்லது. வெள்ளை மை மட்டும் விதிவிலக்கு. `Multiply` லேயரில் வெள்ளை அடியோடு மறைந்துவிடும். உண்மையில் அது மாநிறத் தோலில் மங்கலான, மஞ்சள் பூத்த தழும்பைப் போலத் தெரியும். அதைக் காட்ட வெள்ளைப் பகுதியைத் தனி லேயராக்கி, `Normal` மோடில் ஒளிபுகாமையை 15 முதல் 20 வரை இறக்கி வையுங்கள். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆமாம், இவ்வளவுதான்.

கறுப்புக்கு வருவோம். டிசைனில் இருக்கும் 0, 0, 0 எந்தத் தோலிலும் எட்டாத கறுப்பு. மை இல்லாத இடம் நிரம்பாதபடி லேயரின் ஆல்பாவைப் பூட்டிவிட்டு, கோடுகளை 85, 90, 100 என்ற நீலம் கலந்த சாம்பலால் நிரப்புங்கள். நம் தோலில் அது ஏறத்தாழ 50, 37, 29 ஆக வரும். இது நான் வைத்துக்கொள்ளும் ஆரம்பப் புள்ளி, எல்லோருக்குமான எண் அல்ல. உங்கள் ஆர்ட்டிஸ்டிடம், உங்கள் நிறத்துக்கு நெருங்கிய கையில் குத்தி ஒரு வருடமாவது ஆன வேலையின் படத்தை, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்ததாகக் கேளுங்கள். அதில் கறுப்புக்கும் பக்கத்துத் தோலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து உங்கள் எண்ணை ஏற்றி இறக்குங்கள். இன்னும் கருத்த தோல் என்றால் மெல்லிய சாம்பல் நிழல்களைக் குறைத்துக் கோட்டையும் வெற்றுத் தோலையும் நம்புங்கள். அங்கே இருபது சதவீதச் சாம்பலுக்கும் வெறும் தோலுக்கும் வித்தியாசம் கண்ணில் படாது.

நம் உதாரணத்தில் மஞ்சள் பூவின் கதி இப்போது தெரிந்துவிட்டது. இதழ்களைக் கறுப்புக் கோட்டில் வரைந்து உள்ளே அடர்ந்த ஆரஞ்சை வைத்தால் நிற்கும். கோடே இல்லாமல் மஞ்சள் மட்டும் வைத்த முதல் டிசைன் இந்தக் கையில் நிற்காது.

எழுத்துகள் இன்று தெளிவாக இருக்கின்றன, ஆறினால் இப்படியே இருக்குமா?

இருக்காது. எவ்வளவு மாறும் என்று பார்ப்பதற்குத்தான் இந்தப் பகுதி. தமிழ் எழுத்து குத்திக்கொள்பவர்கள் இதை விடாமல் படிக்க வேண்டும்.

மையின் துகள்களைத் தோலில் உள்ள மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் விழுங்கி வைத்திருக்கின்றன. அந்த செல் செத்தால் துகள் வெளியே வருகிறது, பக்கத்தில் உள்ள இன்னொரு செல் அதை விழுங்கிக்கொள்கிறது. பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் எலிகளை வைத்து 2018-ல் இதைக் காட்டினார்கள். டாட்டூ அழியாமல் இருப்பதற்கு இது விளக்கம் தருகிறது. ஆனாலும் வருடங்கள் போகப் போக ஓரங்கள் மெதுவாகக் கலங்கி, கோடு தடிக்கும்.

‘கண்ணம்மா’வை ஆறு மி.மீ. உயரத்தில் வைத்தால் நீளம் சுமார் 54 மி.மீ. வரும். அழகான, அடக்கமான அளவு. ஆனால் அந்த உயரத்தில் ‘ண’வின் சுழிகளுக்குள் இருக்கும் இடைவெளியை அளந்தால், 0.6 மி.மீ. கோட்டுக்கு 0.8 மி.மீ. தான் மிஞ்சுகிறது. கோடு ஒவ்வொரு பக்கமும் 0.2 மி.மீ. பரவினால் இடைவெளி 0.4 மி.மீ. அதுவும் கலங்கிய ஓரங்களோடு. அடுத்தடுத்து இரண்டு ‘ண’ வேறு வருகிறது. கை நீட்டும் தூரத்திலிருந்து பார்த்தால் சுழிகள் அடைபட்ட கறுப்புக் கட்டிகள்தான் தெரியும்.

இதை முன்னோட்டத்தில் காட்டும் வழி: எழுத்து லேயரில் `Layer > Transparency > Alpha to Selection` கொடுங்கள். பிறகு `Select > Grow` போய் 2 பிக்சல், அதாவது நம் அளவில் 0.2 மி.மீ. புதிய வெற்று லேயரில் அந்தத் தேர்வை ஆறிய கறுப்பால் நிரப்பி, அதை `Multiply` ஆக்குங்கள். பழைய எழுத்து லேயரை மறைத்துவிடுங்கள். தேர்வை நீக்கிவிட்டு `Filters > Blur > Gaussian Blur` போய் 1.5 பிக்சல் கொடுங்கள். மங்கல் எதுவும் நடக்காதது போலத் தெரிந்தால் இரண்டு காரணம்தான் இருக்கும்: தேர்வு இன்னும் நீங்கவில்லை, அல்லது லேயரின் ஆல்பா பூட்டியே இருக்கிறது. பூட்டிய லேயரில் மை ஓரத்தைத் தாண்டிப் பரவாது.

இன்னும் பல வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று பார்க்க, `Grow` மூன்று அல்லது நான்கு பிக்சல், மங்கல் மூன்று பிக்சல் என்று ஒரு லேயர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பரவும் என்பது ஆளுக்கு ஆள், ஆர்ட்டிஸ்டின் கைக்குக் கை மாறும். ஊசி ஆழமாக இறங்கிவிட்டால் முதல் வாரத்திலேயே கோட்டைச் சுற்றி நீலம் பாய்ந்துவிடும். இந்த எண்கள் அதை முன்கூட்டிச் சொல்லாது. ஆனால் ஒழுங்காகக் குத்திய கோடே பரவும்போது உங்கள் டிசைன் தாங்குமா என்பதை நிச்சயமாகச் சொல்லும்.

இப்போது உயரத்தை ஒன்பது மி.மீ. ஆக்குவோம், கோடு அதே 0.6 மி.மீ. சுழிக்குள் இடைவெளி 1.5 மி.மீ. ஆகிறது. பரவிய பிறகும் 1.1 மி.மீ. மிஞ்சும். பெயரின் நீளம் 81 மி.மீ. முன்கையின் உட்புற நீளத்துக்கு இது தாராளமாகப் பொருந்தும். கோட்டை மெலிதாக்கி ஆறு மி.மீ. உயரத்திலேயே முடித்துவிடலாம் என்ற யோசனை வரும். வேண்டாம். மெல்லிய கோடும் பரவத்தான் செய்யும், அதோடு இடையிடையே மங்கி அறுந்தும் போகும்.

புள்ளிகளைத் தனியாகப் பாருங்கள். ‘ண்’, ‘ம்’ இரண்டிலும் புள்ளி உண்டு. எழுத்துருவில் அவை குட்டி வளையமாக இருந்தால் வளையம் அடைபடும், திண்ணமான புள்ளியாக மாற்றிவிடுங்கள். விட்டம் கோட்டின் தடிமனைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். எழுத்தின் தலைக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு மி.மீ. குறையாமல் வெற்றுத் தோல் இருக்கட்டும். புள்ளி மங்கினாலோ எழுத்தோடு ஒட்டினாலோ பாட்டியின் பெயர் ‘கணணமமா’ ஆகிவிடும். அதைத் திருத்த மறுபடி ஊசிதான் வழி.

எழுத்தே உடைந்து வருகிறது

ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பது, புள்ளி, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின்மேல் தனியாக மிதப்பது, ‘கொ’ இரண்டாகப் பிரிவது எல்லாம் மென்பொருளுக்குத் தமிழ் அடுக்கத் தெரியாததால் வருபவை. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் பத்தி அமைப்பில் இந்திய மொழிகளுக்கான தேர்வை வைக்காவிட்டால் இது சகஜம். கிம்பில் பொதுவாக வராது. திரையில் சரிசெய்துவிட்டாலும் வேலை முடியவில்லை. கோப்பைத் திறக்கும் ஆர்ட்டிஸ்டின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் அங்கே மறுபடி உடையும். எழுத்தாக அனுப்பாதீர்கள், பிஎன்ஜி படமாக்கி அனுப்புங்கள். ஸ்டென்சில் தோலில் ஒட்டியதும், ஊசி தொடும் முன், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்க்க வேண்டும். ஆர்ட்டிஸ்டுக்குத் தமிழ் தெரியாத ஊரில் இது உங்கள் பொறுப்பு.

படம் அனுப்பியும் ஆர்ட்டிஸ்ட் வேறு மாதிரி புரிந்துகொள்கிறார்

படத்தோடு நான்கைந்து வரி விவரம் போக வேண்டும். ‘சின்னதாக, மணிக்கட்டுப் பக்கம், நல்ல டார்க்காக’ என்பதில் ஒரு தகவலும் இல்லை. இடத்தை உடலின் அடையாளங்களிலிருந்து சொல்லுங்கள், அளவை மில்லிமீட்டரில், ஆறிய தோற்றத்தை எது மிஞ்ச வேண்டும் என்ற கணக்கில். தோல் நிறத்துக்கு அடைமொழிகளைவிட வெள்ளைத் தாளோடு எடுத்த, திருத்தாத போட்டோவே மேல். நம் உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

“வணக்கம் அண்ணா. இடது முன்கை, உட்புறம், நீளவாக்கில். பெயரின் கடைசி எழுத்து மணிக்கட்டு மடிப்பிலிருந்து 4 செ.மீ. மேலே முடிய வேண்டும். கை தொங்கும்போது வரி நேராக இருக்க வேண்டும், எழுத்தின் தலை கட்டைவிரல் பக்கம். பெயர் 81 மி.மீ. நீளம், 9 மி.மீ. உயரம், கோடு 0.6 மி.மீ. பூ 30 மி.மீ., முழங்கைப் பக்கம், கறுப்புக் கோடு போட்டு உள்ளே ஆரஞ்சு. மஞ்சளும் வெள்ளையும் வேண்டாம். என் நிறம் மாநிறம், வெளிப்புறம் இன்னும் கருப்பு. தாளோடு எடுத்த படம் இணைத்திருக்கிறேன். ஆறிய பிறகும் ‘ண’வின் சுழிகள் திறந்திருக்க வேண்டும், மூன்று புள்ளிகளும் தனியாகத் தெரிய வேண்டும். இந்த அளவு அதற்குப் போதாது என்று நினைத்தால் குத்தும் முன் சொல்லுங்கள்.”

இதை அனுப்பும் முன் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். ‘கண்ணம்மா’வில் புள்ளி இரண்டுதான், ‘ண்’ ஒன்று, ‘ம்’ ஒன்று. மேலே உள்ள செய்தியில் மூன்று என்று வந்திருக்கிறது. படமும் விவரமும் முரண்பட்டால் ஆர்ட்டிஸ்ட் எதை நம்புவார் என்று சொல்ல முடியாது, அதனால் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்து, ‘இரண்டு புள்ளிகளும்’ என்று திருத்திவிட்டு அனுப்புங்கள்.

கடையில் ஸ்டென்சில் ஒட்டியதும் அதே மூன்று நிலைகளில் கையை வைத்து, அதே வெளிச்சத்தில் படம் எடுத்து முன்னோட்டத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்டென்சில் ஊதா நிறத்தில் இருப்பதால் நிறத்தை விட்டுவிடலாம். இடம், சாய்வு, நீளம் மூன்றையும் பாருங்கள், நீளத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். ஐந்து மி.மீ. தள்ளியிருந்தாலும் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லலாம். ஆர்ட்டிஸ்டுகளுக்கு அது அன்றாட வேலை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.